பெட்டியில் 30 கிராம், கிண்ணத்தில் எவ்வளவு?

ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். சரக்கு அனுப்புகிறவர் சீட்டில் எழுதித் தரும் எடையை அவன் நம்புவதில்லை. "நாற்பது கிலோ சார்" என்பார்; தராசில் ஏற்றினால் நாற்பத்தேழு காட்டும். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று பொருள் அல்ல. பாதிப் பேர் உண்மையிலேயே நாற்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூட்டையைக் கண்ணால் பார்த்து எடை சொல்வது அத்தனை சுலபமான காரியம் இல்லை.

இந்தப் பழக்கத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுபோக வேண்டிய அவசியம் சென்ற மாதம் ஏற்பட்டது. காரணம், தாராவி தொண்ணூறு அடி சாலையில் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகச் சர்க்கரை நோய்.

காலையில் இட்லி தின்றால் சர்க்கரை ஏறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஓராண்டுக்கு முன் அவர் கார்ன்பிளேக்ஸுக்கு மாறினார். இட்லிச் சட்டி பரணுக்குப் போனது. ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் எண் மேலேதான் போனது. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாள், "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி, "ஒரு கிண்ணம் கார்ன்பிளேக்ஸ், 30 கிராம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் அதைக் காகிதத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"30 கிராம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன்.

"பெட்டியில போட்டிருக்கே தம்பி. ஒரு வேளைக்கு 30 கிராம்னு. படத்துல இருக்க மாதிரி ஒரு கிண்ணம்தானே திங்கேன், கூடவா திங்கேன்?" என்றார்.

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் வெள்ளைக் கிண்ணம் ஒன்றின் படம். பொன்னிறச் செதில்கள் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கின்றன. பக்கத்தில் ஒரு கரண்டி. மேலே சிவப்பாக ஏதோ ஒரு பழத்தின் இரண்டு துண்டுகள். மூலையில் பொடி எழுத்தில், இது பரிமாறும் யோசனைக்கான படம் மட்டுமே என்று இருந்தது. பின்பக்கம் சத்துக் கட்டத்தில், ஒரு வேளை அளவு 30 கிராம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது பெட்டி அல்ல, அண்ணாச்சி. படம் ஒரு பக்கம், எண் மறு பக்கம். இரண்டும் ஒரே கிண்ணத்தைத்தான் குறிக்கின்றன என்று பெட்டியில் எங்கேயும் சொல்லவில்லை.

சொல்லாமல் நிறுத்த எடை

தராசுக்குக் கஷ்டப்படவில்லை. எங்கள் தெருவில் முறுக்கு சுட்டுப் பொட்டலம் போட்டு விற்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்களில் ஒருவரிடம் ஒரு கிராம் வரை காட்டும் மின்சாரத் தராசு இருந்தது. எங்கள் பார்சல் ஆபீஸ் மேடைத் தராசு இதற்கு உதவாது. அதில் கார்ன்பிளேக்ஸ் பெட்டியை வைத்தால் முள் அசைவதா வேண்டாமா என்று யோசிக்கும். கடைகளில் ஐந்து கிராம், பத்து கிராம் படியில் ஏறும் தராசுகளும் சரிப்படாது. 30 கிராமை அளக்கும்போது ஐந்து கிராம் பிசகு என்பது ஆறில் ஒரு பங்கு அல்லவா?

ஒரு சிக்கல் இருந்தது. எடை போடப் போகிறோம் என்று தெரிந்தால் யாருமே வழக்கம்போல் கொட்டிக்கொள்ள மாட்டார்கள். பரிசோதகர் வருகிற நாளில் டிக்கெட் வாங்காதவர் எத்தனை பேர்? ஆகவே அண்ணாச்சிக்குத் தெரியாமல் செய்வது என்று மதினியும் நானும் பேசிக்கொண்டோம். கிண்ணத்தை எடை போடுவதற்குப் பதிலாகப் பெட்டியை எடை போட்டோம். அவர் கொட்டிக்கொள்வதற்கு முன் ஒரு தடவை, பெட்டி அடுப்படிக்குத் திரும்பி வந்ததும் ஒரு தடவை. குறைந்தது எவ்வளவோ அதுதான் கிண்ணத்தில் விழுந்தது. இதில் கிண்ணத்தின் எடையைக் கழிக்க வேண்டிய வேலையும் இல்லை.

படம் எடுக்கும் பொறுப்பை அவருடைய பேரனிடம் கொடுத்தோம். பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிக்கொண்டு, பால் ஊற்றுவதற்கு முன் தாத்தாவின் கிண்ணத்தைப் போனில் பிடித்தான். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைக்கச் சொல்லியிருந்தேன். படத்தில் எது பெரியது, எது சிறியது என்று பின்னால் தீர்மானிக்க, அளவு தெரிந்த ஒரு பொருள் கூடவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேநீர்க் கிண்ணமும் அண்டாவும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூன்று நாள் கணக்கு இது. முதல் நாள் 56 கிராம், இரண்டாம் நாள் 62, மூன்றாம் நாள் 60. முதல் நாளே இது இரட்டிப்பு என்று தெரிந்துவிட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், "ஏட்டி, அந்தப் பெட்டியக் கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார். கிண்ணத்தில் பால் மிச்சம் இருந்தது. பாலை வீணாக்கலாமா? இன்னும் ஒரு கை போட்டுக்கொண்டார். அது 12 கிராம். போட்டது கொஞ்சம் அதிகமாகி வறண்டுபோகவே, இன்னும் கொஞ்சம் பால். இந்தச் சங்கதி மூன்று நாளும் நடந்தது: 12, 14, 12. இதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "கிண்ணம் ஒண்ணுதானே" என்பதுதான் அவர் வாதம். கிண்ணம் ஒன்றுதான், கொட்டியது இரண்டு தடவை.

ஆக, ஒரு நாளைக்கு 68, 76, 72. சராசரி 72 கிராம். 30 என்று காகிதத்தில் எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் இருக்க வேண்டிய எண் இது.

இரண்டு படங்கள்

நான்காம் நாள் விஷயத்தை உடைத்தேன். எண்ணைச் சொன்னதும் அண்ணாச்சி நம்பவில்லை. தராசில் கோளாறு என்றார். சரி, கண்ணாலேயே பாருங்கள் என்று அதே எவர்சில்வர் கிண்ணத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, சரியாக 30 கிராம் கொட்டினோம். அதே இடத்தில், அதே தீப்பெட்டியோடு, பேரன் அதே உயரத்திலிருந்து படம் பிடித்தான். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

இங்கே ஒரு பாடம் எனக்கே கிடைத்தது. முதல் தடவை பையன் நேர் மேலேயிருந்து படம் எடுத்திருந்தான். அந்தப் படங்களில் 60 கிராமுக்கும் 30 கிராமுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் தெரிவது பரப்பு மட்டும்தான், ஆழம் தெரியாது. எங்கள் கிண்ணம் வாய் அகன்றது. 30 கிராம் போட்டபோது சுற்றிலும் இரண்டு விரல் அகலம் எவர்சில்வர் தெரிந்தது. 60 போட்டபோது அரை விரல் தெரிந்தது. அவ்வளவுதான். யாருக்கும் அது இரட்டிப்பு என்று தோன்றாது.

அப்புறம் கொஞ்சம் சாய்வாக, மேஜை முன் உட்கார்ந்திருப்பவர் தட்டைப் பார்க்கும் கோணத்தில் எடுக்கச் சொன்னேன். சாப்பாட்டு அளவைப் படம் பிடித்து ஆராய்கிறவர்களும் இப்படித்தான், செங்கோணத்தில் பாதி சாய்வில், எடுப்பார்கள். அகலமும் தெரிய வேண்டும், உயரமும் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். இந்தப் படங்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 30 கிராம் கிண்ணத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அடியில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது குழந்தைக்குப் போடுத அளவுல்லா தம்பி" என்றார்.

பெட்டிப் படம் பொய்யா?

அவருக்கு இப்போது கோபம் பெட்டியின் மேல் திரும்பிவிட்டது. படத்தில் அவ்வளவு போட்டிருக்கிறானே என்றார். அதையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

படத்தில் இருக்கும் கிண்ணம் எத்தனை பெரியது? அளவுகோல் அந்தப் படத்திலேயே இருக்கிறது, கரண்டிதான் அது. சாப்பாட்டுக் கரண்டியின் குழிந்த தலைப்பகுதி எங்கள் வீட்டில் ஆறு சென்டிமீட்டர். படத்தில் கிண்ணத்தின் வாய் அந்தத் தலையைப் போல் இரண்டரை மடங்கு. அப்படியானால் வாய் சுமார் பதினைந்து சென்டிமீட்டர். ஆனால் கரண்டி முன்னால் கிடக்கிறது, கிண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது படத்தில் பெரிதாகத் தெரியும். ஆகவே உண்மையான கிண்ணம் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருக்குமே தவிரச் சிறியதாக இராது. பதினைந்து என்றே வைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் இருந்த அந்த அளவுப் பீங்கான் கிண்ணத்தை வாங்கி, படத்தில் இருப்பதுபோல் விளிம்புக்கு மேல் குவியும்வரை கொட்டினேன். தராசு 83 காட்டியது.

உடனே பெட்டிக்காரர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிட முடியாது. படத்தில் தெரிவது மேல்பரப்பு. அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உணவுப் படம் எடுக்கிறவர்களுக்குப் பல வித்தைகள் தெரியும். பாலுக்குப் பதில் வெள்ளைப் பசையை ஊற்றி, செதில் ஊறிப் போகாமல் மேலே நிறுத்துவது பழைய வித்தை. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறித் துண்டுகள் அமிழ்ந்துவிடாமல் மேலே தெரியும்படி செய்தார்கள். 1970-ஆம் ஆண்டில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதை விசாரித்து, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. நம் பெட்டிக் கிண்ணத்தின் அடியில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வீட்டில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, அதே மாதிரி கிண்ணத்தை நிரப்பினால், பின்பக்கத்து எண்ணைப் போல் இரண்டே முக்கால் மடங்கு வரும்.

கண்ணுக்கு இடம் தெரியும், எடை தெரியாது

ஆனால் படத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கண் அளப்பது இடத்தை. பெட்டி பேசுவது எடையை.

பார்சல் ஆபீசில் இது எங்களுக்குத் தினசரி அனுபவம். பஞ்சு மூட்டை, பிளாஸ்டிக் பொம்மை, மூங்கில் கூடை போன்றவை பெட்டியில் இடத்தை அடைக்கும், எடை இராது. அதனால் அந்த மாதிரிச் சரக்குக்கு நீளம், அகலம், உயரம் அளந்து அதைக் கொண்டு கட்டணம் போடுகிற முறை உண்டு. காலை உணவுத் தானியங்களிலும் பஞ்சு மூட்டையும் உண்டு, இரும்பு மூட்டையும் உண்டு.

இதைக் காட்டுவதற்காக, அண்ணாச்சி வழக்கமாக முதலில் கொட்டும் 60 கிராம் கிண்ணத்தில் எந்த மட்டத்துக்கு வருகிறதோ அங்கே ஒரு கோடு போட்டேன். பிறகு கார்ன்பிளேக்ஸைக் கொட்டிவிட்டு, அதே கோடு வரைக்கும் நம்மூர் அரிசிப் பொரி போட்டேன். தராசில் 31 கிராம்! அண்ணாச்சி நினைத்துக்கொண்டிருந்த 30 கிராம் கிண்ணம் இதுதான். ஆனால் பொரி போட்டிருந்தால்தான். அடுத்து, ஓட்ஸும் கொட்டைகளும் உலர்ந்த திராட்சையும் கலந்து விற்கிறார்களே, மியூஸ்லி, அதை அதே கோடு வரை கொட்டினேன். 188 கிராம். படம் பிடித்துப் பார்த்தால் மூன்றும் ஒரே உயரம், ஒரே கிண்ணம். எடையில் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஆறு. சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொல்லி அண்ணாச்சி மியூஸ்லிக்கு மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தைச் சட்டத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கப் அளவு தானியம் 20 கிராமுக்குக் குறைவாக இருந்தால், அதாவது பொரி வகை என்றால், பெட்டியில் எழுத வேண்டிய ஒரு வேளைக்கு அடிப்படை 15 கிராம். 20 முதல் 43 கிராமுக்குள் இருக்கும் கார்ன்பிளேக்ஸ் வகைக்கு 40 கிராம். அதற்கு மேல் கனமான வகைக்கு 60 கிராம். நடுவில் இருப்பது முன்பு 30 ஆகத்தான் இருந்தது. கடைசியில் இருப்பது 55. 2016-ல் மாற்றினார்கள். காரணம் கவனிக்கத்தக்கது. மனிதர்கள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதல்ல, சாதாரணமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணுக்கு அடிப்படை என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. ஜனங்கள் அதிகம் சாப்பிடுவதாகக் கணக்கில் தெரிந்ததும் எண்ணையும் கூட்டிவிட்டார்கள்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு உணவுப் பெட்டி எழுத்து விதிகளின்படி, 100 கிராமுக்கு எவ்வளவு சத்து என்று போட வேண்டும். ஒரு வேளை அளவு, ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். ஒரு நாள் தேவை 2000 கலோரி என்ற கணக்கில். அந்த "ஒரு வேளை" எண் சிறியதாக இருந்தால் சதவீதமும் சிறியதாகத்தான் தெரியும். அதனால்தான் நான் அண்ணாச்சியிடம், ஒரு வேளைக் கட்டத்தை விட்டுவிடுங்கள், 100 கிராம் கட்டத்தை மட்டும் பாருங்கள் என்றேன். அதில் யாருடைய கிண்ணமும் இல்லை. உங்கள் எடை தெரிந்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

பெருக்கிப் பார்த்தால்

பெருக்கினோம். அந்தப் பெட்டியில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 84 கிராம் என்று இருந்தது. 30 கிராமுக்கு அது 25. அண்ணாச்சியின் 72 கிராமுக்கு 60. பெட்டி சொல்லும் பால் 125 மில்லி. அவர் ஊற்றியது, மறுபடி ஊற்றியதையும் சேர்த்து, 250. பாலிலும் இயற்கையாகச் சர்க்கரை உண்டு. 125 மில்லிக்கு ஆறு கிராம், 250-க்கு பன்னிரண்டு. இதற்கு மேல், வாய்க்கு ருசி வேண்டாமா என்று இரண்டு கரண்டி சீனி. அது பத்து கிராம். பெட்டியின் கணக்கில் இந்தச் சீனியே கிடையாது.

பெட்டிக் கணக்குப்படி காலைச் சாப்பாட்டில் 31 கிராம் மாவுச்சத்து. அண்ணாச்சி கணக்குப்படி 82. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் பன்னிரண்டு கிராம் இருக்கும். இட்லி தின்றால் சர்க்கரை ஏறும் என்று பயந்து நாலு இட்லியை விட்டவர், ஓராண்டாக ஏறக்குறைய ஏழு இட்லிக்குச் சமமானதைத் தின்றுகொண்டு வந்திருக்கிறார். போதாக்குறைக்கு, கார்ன்பிளேக்ஸ் வயிற்றில் சீக்கிரம் கரைந்து ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும் ரகம். உளுந்து சேர்ந்த இட்லிக்குச் சாம்பாராவது துணைக்கு வரும்.

மதினி இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. பரணில் ஏறி இட்லிச் சட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார்.

அண்ணாச்சியும் நானும் இரண்டு படங்களையும், மூன்று நாள் எடையை எழுதிய துண்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அந்த உணவு ஆலோசகர் அம்மாளிடம் போனோம். மராட்டிக்காரப் பெண்மணி. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். தீப்பெட்டி எதற்கு என்று கேட்டார்; சொன்னேன். சிரித்துக்கொண்டு, பழைய காகிதத்தில் 30 என்று இருந்ததை அடித்துவிட்டு 72 என்று எழுதினார். மாத்திரையைப் பற்றி அப்போதைக்கு டாக்டரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், முதலில் அளவைச் சரி செய்து மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். 30 கிராம் மட்டும் தின்றால் பதினோரு மணிக்குப் பசிக்குமே என்று அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். அது ஒரு பங்கு தானியம், முழுச் சாப்பாடு அல்ல என்று அந்த அம்மாள் விளக்கினார். கூட அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள், சீனி வேண்டாம், அல்லது பேசாமல் மூன்று இட்லிக்கே திரும்புங்கள் என்றார். அண்ணாச்சி முகத்தில் ஓராண்டாகக் காணாத களை வந்தது.

தராசு இல்லாதவர்களுக்கு

எல்லோர் வீட்டிலும் கிராம் தராசு இராது. மூன்று பேர், நான்கு பேராகக் கோலியில் குடித்தனம் இருக்கும் நம் ஆட்களுக்கு அதை வாங்கு என்று சொல்வதும் சரியல்ல. அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு தம்பிடி செலவில்லை.

பெட்டியை உடைக்கிற அன்று அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். தீர்ந்த அன்று மறுபடி எழுதுங்கள். 500 கிராம் பெட்டி என்றால் 30 கிராம் வீதம் பதினாறு நாளைக்கு வர வேண்டும். எத்தனை நாளில் தீர்ந்ததோ அதனால் 500-ஐ வகுத்தால் உங்கள் கிண்ணம் வந்துவிடும். அண்ணாச்சி வீட்டில் "பெட்டி ஒரு வாரம் வரும்" என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. 500-ஐ ஏழால் வகுத்தால் 71. நானும் மதினியும் மூன்று நாள் ஒளிந்து ஒளிந்து எடை போட்டுக் கண்டுபிடித்ததும் 72 தானே! முதலிலேயே இதைக் கேட்டிருந்தால் முறுக்குக் கடைத் தராசை வாங்கவே வேண்டியிருந்திராது. கூடச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். அறைத் தோழர்கள் நான்கு பேரும் ஒரே பெட்டியில் கை வைத்தால் யார் எவ்வளவு என்று சொல்ல முடியாது. சராசரிதான் தெரியும்.

இன்னொரு சிறு விஷயம். முறுக்குக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ ஒரே ஒரு தடவை 30 கிராம் நிறுத்து வாங்கி, அது உங்கள் வீட்டில் எந்த டம்ளருக்கு வருகிறது என்று பார்த்துவிட்டால் போதும். அந்த டம்ளரைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்கலாம். கார்ன்பிளேக்ஸுக்கு அது சுமார் கால் லிட்டர் பிடிக்கும் டம்ளராக இருக்கும். தலை தட்டி அளக்க வேண்டும், குவிக்கக் கூடாது. ஆனால் வேறு வகைப் பெட்டி வாங்கினால் அந்த டம்ளர் செல்லாது; மியூஸ்லிக்கு அதே டம்ளர் 90 கிராமுக்கு மேல் பிடிக்கும். பெட்டியின் அடிக்கு வந்துவிட்டாலும் செல்லாது. அங்கே செதில்கள் நொறுங்கித் தூளாகக் கிடக்கும். தூள் இடுக்கில்லாமல் அடைந்துகொள்வதால், அதே டம்ளரில் மேல்பெட்டிச் சரக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடை நின்றது. அண்ணாச்சி அந்தத் தூளைத்தான் மிகவும் விரும்பிச் சாப்பிடுவார். கடைசி நாள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவார். அதை நாங்கள் எடை போடவில்லை.

இப்போது அவர் வாரத்தில் நான்கு நாள் இட்லி, மூன்று நாள் டம்ளர் கணக்கில் கார்ன்பிளேக்ஸ் என்று வைத்திருக்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டி உடைத்தார்கள். அதன் நெற்றியில், கிண்ணத்தின் படத்துக்கு மேலேயே, கூட்ஸ் வண்டி டைரி எழுதிப் பழகிய அந்தக் கையெழுத்தில் தேதியும் நேரமும் போட்டிருந்தது: "திறப்பு, காலை 7.40."